இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ்… ஆனால் நம் காத்திருப்பு எவ்வளவு?

ஸ்கூடாயிலோ மாசாயிலோ விடியற்காலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “இந்த பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று?” என்றால் உடனே பதில் வரும். “இருபது நிமிஷம்.” அடுத்து, “அப்படியானால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டி வருமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். “அது நம்ம அதிர்ஷ்டம்.”

அதிர்ஷ்டம்தான். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வெறும் பள்ளிக்கூடக் கணக்கு அல்ல. பத்து நிமிடத் தாமதத்தில் வருகைப் படி போய்விடலாம், மேற்பார்வையாளரிடம் பேச்சும் கேட்க நேரலாம். எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவது, எந்தக் கட்டத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு கிரேப் கூப்பிடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தக் கணக்கு பதில் சொல்லும்.

நிமிடத்துக்கு நிமிடம்

ஒரு பேருந்து சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போது வரும் என்று மட்டும் சொல்ல முடியாது. சாலை நெரிசல், விளக்குகள், மழை எல்லாம் சேர்ந்து நேர அட்டவணையைக் கலைத்துப் போட்டிருக்கின்றன. அப்படியானால் எந்த ஒரு நிமிடத்தை எடுத்தாலும், அந்த நிமிடத்தில் பஸ் வருவதற்கு ஏறத்தாழ 20-இல் 1 வாய்ப்பு. வராமல் இருப்பதற்கு 20-இல் 19.

30 நிமிடமும் பஸ் வராமல் இருக்க வேண்டுமானால், முதல் நிமிடத்திலும் வரக்கூடாது, இரண்டாவதிலும் வரக்கூடாது, அப்படியே முப்பதாவது வரை வரக்கூடாது. ஆகவே 19/20 என்பதை 30 முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.215. அதாவது நூற்றுக்கு 21 அல்லது 22.

பஸ் நிமிடம் பார்த்து வருவதில்லை என்பதால், இதையே விநாடி விநாடியாக, இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டே போனால் விடை 0.223-இல் வந்து நிற்கும். கணித வகுப்பில் அடுக்குக்குறிப் பரவல், அதாவது எக்ஸ்பொனன்ஷியல் பரவல், என்று படித்தது இதுதான். அதன் வாய்பாடு ஒரே வரி:

P(T > t) = e^(−t/μ)

இதில் μ என்பது சராசரிக் காத்திருப்பு, t என்பது நீங்கள் கேட்கும் நேரம். நம் கணக்கில் t 30, μ 20. 30-ஐ 20-ஆல் வகுத்தால் 1.5. கைப்பேசியில் உள்ள அறிவியல் கணிப்பானில் e^(−1.5) போட்டால் 0.223 வரும்.

மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால், அவற்றில் ஏறக்குறைய 5 நாள் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டி வரும். “வாரத்துக்கு ஒரு நாள் இந்த பஸ் கழுத்தறுக்குது” என்று அலுத்துக்கொள்கிறவர் மிகைப்படுத்தவில்லை. சரியாகத்தான் சொல்கிறார்.

இதே வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால் எப்போது கிளம்புவது என்பதும் தெரிந்துவிடும். சராசரியைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 40 நிமிடம் ஒதுக்கினால், பஸ் அதையும் தாண்டுவதற்கு நூற்றுக்கு 13.5 வாய்ப்பு. மூன்று மடங்காக 60 நிமிடம் ஒதுக்கினால் நூற்றுக்கு 5, அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள். “இருபது நிமிஷ பஸ்தானே” என்று 20 நிமிடம் மட்டும் ஒதுக்குகிறவருக்கு? நூற்றுக்கு 37 நாள் அது போதாது.

நின்ற நேரம் கணக்கில் சேராது

இந்தப் பரவலுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதற்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஏற்கெனவே 25 நிமிடம் நின்றுவிட்டீர்கள் என்று பஸ்ஸுக்குத் தெரியாது. இனி காத்திருக்க வேண்டிய நேரம் சராசரியாக இன்னும் அதே 20 நிமிடம்தான்.

மனம் இதை ஒப்புக்கொள்ளாது. “இவ்வளவு நேரம் நின்றாச்சு, இப்போ வந்துடும்” என்றுதான் சொல்லும். பஸ்கள் ஒழுங்கான இடைவெளியில் வந்தால் அது நியாயமான பேச்சு. எந்த நேரமும் வரலாம் என்ற நிலையில் அதற்கு ஆதாரம் இல்லை.

இதன் பயன் கிரேப் விஷயத்தில் தெரியும். இன்னும் 25 நிமிடத்துக்குள் பஸ் ஏறாவிட்டால் வேலைக்குத் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் அதற்குள் வராமல் போகும் வாய்ப்பு e^(−25/20), அதாவது நூற்றுக்கு 29. நீங்கள் இப்போதுதான் நிறுத்தத்துக்கு வந்தவரானாலும் சரி, அரை மணியாக நிற்பவரானாலும் சரி, விடை ஒன்றுதான். ஆகவே நின்ற நேரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கையில் மீதம் இருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

மூன்று பஸ், இரண்டு விதம்

“மணிக்கு 3 பஸ் என்றால் சராசரியாகப் பத்து நிமிடம்தானே நிற்க வேண்டும்?” என்று ஒருவர் கேட்கலாம். பஸ்கள் 20, 20, 20 என்று சீராக வந்தால் அப்படித்தான். நாம் ஏதோ ஒரு நேரத்தில் போய் நிற்போம், இடைவெளியில் பாதி காத்திருப்போம்.

அதே 3 பஸ் 5, 5, 50 என்ற இடைவெளிகளில் வந்தால்? மணிக்கு 3 என்பது மாறவில்லை. ஆனால் அந்த 60 நிமிடத்தில் 50 நிமிடம் நீண்ட இடைவெளிக்குள் கிடக்கிறது. நிறுத்தத்துக்கு வரும் 6 பேரில் 5 பேர் அதில்தான் மாட்டுவார்கள். ஒவ்வொரு இடைவெளியையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டினால் 25 + 25 + 2,500 = 2,550. அதை மொத்த நேரத்தின் இரு மடங்கான 120-ஆல் வகுத்தால் 21.25. பத்து நிமிடம் நிற்க வேண்டியவர் சராசரியாக 21 நிமிடத்துக்கு மேல் நிற்கிறார்.

அடுக்குக்குறிப் பரவலில் பஸ்கள் வந்தால் சராசரி காத்திருப்பு 20 நிமிடம். ஆக, “20 நிமிடத்துக்கு ஒன்று” என்ற ஒரே பலகைக்குப் பின்னால் 10, 20, 21 என்று மூன்று விதமான அனுபவங்கள் ஒளிந்திருக்கலாம்.

பஸ்கள் ஏன் சேர்ந்து வருகின்றன? ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். அவர்களை ஏற்றுவதில் அது இன்னும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் குறைவு, ஆகவே வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இலேயே இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எல்லைப் பாலத்து நெரிசலும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெவ்வேறு நேரத்தில் கிளம்பிய பஸ்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒன்றாக அனுப்பிவைக்கிறது.

அக்கரையில் சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014-இல் ஒரு திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. நிறுவனங்களை “கூடுதல் காத்திருப்பு நேரம்” என்ற அளவையால் மதிப்பிடும் திட்டம் அது. பயணி உண்மையில் நிற்கும் சராசரி நேரத்திலிருந்து, அட்டவணைப்படி நின்றிருக்க வேண்டிய நேரத்தைக் கழிப்பதுதான் அந்த அளவை. நம் 5, 5, 50 உதாரணத்தில் அது 11.25 நிமிடம். இலண்டனிலும் இதே அளவை உண்டு. எத்தனை பஸ் ஓடின என்று மட்டும் எண்ணினால் இந்தத் தொல்லை கண்ணுக்கே தெரியாது.

இரண்டு எண்கள் உதவினால்

ஜொகூர் பாருவிலிருந்து கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையத்துக்குப் போக CW1-உம் உண்டு, 170-உம் உண்டு. இரண்டில் எது முதலில் வந்தாலும் ஏறத் தயாராக இருப்பவருக்குக் கணக்கு எப்படி மாறும்? உதாரணத்துக்கு ஒன்று சராசரியாக 20 நிமிடத்துக்கும் மற்றது 30 நிமிடத்துக்கும் ஒரு முறை வருவதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 1/20 வாய்ப்பும் 1/30 வாய்ப்பும் கூடி 1/12 ஆகிறது. சராசரி காத்திருப்பு 12 நிமிடம். அரை மணியைத் தாண்டும் வாய்ப்பு e^(−2.5), நூற்றுக்கு 8 மட்டுமே. 20 நிமிட பஸ்ஸை மட்டும் நம்பியிருந்தால் அது 22.

ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டும் ஒன்றையொன்று சாராமல் வர வேண்டும். ஒரே நெரிசலில் இரண்டும் சிக்கிக் கிடக்கும் காலையில் இந்த இலாபம் குறைந்துவிடும்.

உங்கள் நிறுத்தம் எந்த வகை?

டென்மார்க் நாட்டின் ஏர்லாங், கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றியவர். தொலைபேசி அழைப்புகள் எந்த ஒழுங்குமின்றி வருவதை 1909-இல் ஆராய்ந்து, இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்துவதைக் காட்டினார். வானொலி நிலையத்தில் அழைப்புகள் வருவதைப் பார்க்கும் எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஒரு நேயர் அழைப்பதைப் பார்த்து இன்னொருவர் அழைப்பதில்லை. பஸ்கள் அப்படியல்ல. அவற்றுக்கு அட்டவணை உண்டு, முன்னால் போகும் பஸ்ஸும் உண்டு. ஆகவே பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதை நம்ப வேண்டும்.

பார்ப்பது எளிது. ஒரே நிறுத்தம், ஒரே பஸ், நாளின் ஒரே நேரம். 20 நாள்களுக்குக் காத்திருந்த நிமிடங்களைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். ஏழு மணிக் காலையையும் மதியத்தையும் கலக்க வேண்டாம், இரண்டுக்கும் சராசரியே வேறு. பிறகு சராசரியைக் கண்டுபிடித்து, எத்தனை நாள் அதைத் தாண்டியது என்று எண்ணுங்கள்.

20-இல் ஏறத்தாழ 7 நாள் சராசரியைத் தாண்டி, 2 அல்லது 3 நாள் அதன் இரு மடங்கையும் தாண்டியிருந்தால் இந்த வாய்பாடு உங்கள் நிறுத்தத்துக்குப் பொருந்தும். 10 நாள் சராசரியைத் தாண்டி, ஒரு நாளும் இரு மடங்கைத் தொடவில்லை என்றால் பஸ் ஒழுங்காக ஓடுகிறது. லார்க்கின் போன்ற புறப்படும் நிலையங்களுக்கு அருகில் இப்படி இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே நெடுநேரம் நின்றவர் “இப்போ வந்துடும்” என்று நம்பலாம். 20-இல் 3, 4 நாள் மூன்று மடங்கையே தாண்டியிருந்தால் பஸ்கள் கூட்டமாக வருகின்றன. அங்கே வாய்பாடு சொல்வதைவிட நிலைமை மோசம்.

இருபது நாள் என்பது சிறிய கணக்குதான், ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸே இல்லை என்றால், “ஞாபகசக்தி கிடையாது” என்ற கணக்கை மூடிவையுங்கள். வண்டி பழுதாகியிருக்கலாம், பாதை அடைபட்டிருக்கலாம், கடைசி பஸ் போயிருக்கலாம். சராசரி 20 நிமிடம் என்ற அடிப்படையே அன்றைக்கு இல்லை. அப்போது கணிப்பானை எடுக்க வேண்டாம், கிரேப்பைக் கூப்பிடுங்கள்.