பர்ன்அவுட், இம்போஸ்டர் சின்ட்ரோம்: எது எது?

அலுவலகப் பேச்சில் பர்ன்அவுட், இம்போஸ்டர் சின்ட்ரோம் ஆகிய இரண்டும் இப்போது சேர்ந்தே அடிபடுகின்றன. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவது இயல்பு. இரண்டிலும் “என்னால் முடியாது” என்ற எண்ணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் அந்த எண்ணம் எழும் இடங்கள் வேறு.

பர்ன்அவுட்டைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். நியூயார்க்கின் இலவச மருத்துவ மையம் ஒன்றில், ஆர்வத்தோடு சேவைக்கு வந்தவர்களே நாளடைவில் சோர்ந்து, எரிச்சலும் கசப்பும் கொண்டவர்களாக மாறுவதைக் கண்டு 1974இல் அவர் அதைக் கட்டுரையாக்கினார். பின்னர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் இதை மூன்று கூறுகளாகப் பகுத்தார். உடலும் மனமும் வற்றிப்போவது முதல் கூறு. வேலையிடமும் அதில் எதிர்ப்படும் மனிதர்களிடமும் ஒட்டுதல் அற்றுப்போவது இரண்டாவது. செய்வதில் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது மூன்றாவது. வெறும் களைப்பைப் பர்ன்அவுட் என்பது இதனால்தான் பொருந்தாது. களைத்தவர் நன்றாகத் தூங்கி எழுந்தால் தேறிவிடுவார். பர்ன்அவுட் ஆனவர் விடுப்பு முடிந்து வந்த சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்புகிறார், ஏனென்றால் அங்கே எதுவும் மாறியிருக்காது.

உலகச் சுகாதார அமைப்பு 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டிலும் பர்ன்அவுட் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் நோயாக அல்ல; சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவாக, வேலை சார்ந்து மட்டுமே பயன்படுத்த வேண்டிய ஒன்றாக.

இம்போஸ்டர் சின்ட்ரோமின் கதை வேறு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சூசன் ஐம்ஸும் பட்டங்களும் பதவிகளும் பெற்ற பெண்களிடம் ஒரு விந்தையைக் கண்டார்கள். அதிர்ஷ்டத்தால் இங்கே வந்துவிட்டோம், என்றாவது ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவர்கள் உள்ளூர அஞ்சிக்கொண்டிருந்தார்கள். 1978இல் வெளியான அந்த ஆய்வு பெண்களைப் பற்றியது. ஆண்களிடமும் இது உண்டு என்பது பிறகு தெரியவந்தது. இதுவும் மனநோய்ப் பட்டியலில் இல்லை.

இந்த அச்சம் ஏன் வெற்றிக்குப் பிறகும் விலகுவதில்லை என்பதைக் கிளான்ஸ் ஒரு சுழற்சியாக விளக்கினார். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். திங்களன்று கிளையன்ட்டுக்கு டெமோ காட்டும் பொறுப்பு அவரிடம் வருகிறது. இரண்டு மணி நேரத் தயாரிப்பு போதும் என்ற இடத்தில், சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் ஒத்திகை பார்க்கிறார். டெமோ நன்றாக நடக்கிறது, மேனேஜரும் பாராட்டுகிறார். அவரோ, “இரண்டு நாள் உயிரைக் கொடுத்ததால் தப்பித்தேன்” என்று முடிவுகட்டுகிறார். திறமையின் கணக்கில் எதுவும் வரவாவதில்லை. அடுத்த டெமோவுக்கும் அதே பயம், அதே இரண்டு நாள். வேறு சிலர் பயத்தில் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடுகிறார்கள். அப்போது கிடைக்கும் வெற்றி அதிர்ஷ்டத்தின் கணக்கில் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் இரண்டும் சந்திக்கின்றன. ஓய்வு நாட்களைத் தொடர்ந்து வேலைக்கே கொடுப்பவர், மேலதிகாரி கேட்காமலேயே தன் பணிச்சுமையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். பல மாதங்கள் இப்படிப் போனால் பர்ன்அவுட்டுக்கு வழி திறக்கிறது.

எது எது என்று பிரித்தறிய, வேலையின் மீதான அக்கறையைக் கவனிப்பது உதவும். இம்போஸ்டர் எண்ணம் கொண்டவருக்கு அக்கறை மிகுதி. பிழை நேர்ந்துவிடுமோ என்று துடிக்கிறார். பர்ன்அவுட் ஆனவருக்கு அக்கறையே தீர்ந்துபோகிறது. பிழை நேர்ந்தாலும் மனம் அசைவதில்லை. முன்னவருக்கு அனுபவமுள்ள ஒருவருடன் உட்கார்ந்து, தான் முடித்த வேலைகளையும் அவற்றுக்கு உண்மையில் தேவைப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். பின்னவரிடம் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவது வீண். பணிச்சுமை, வேலையில் தனக்கென முடிவெடுக்கும் உரிமை, உழைப்புக்கேற்ற மதிப்பு, நியாயமான நடத்தை ஆகியவற்றில் எது குலைந்தது என்று பார்க்க வேண்டும் என்பதே மாஸ்லாக்கின் அணுகுமுறை. இவற்றைத் திருத்தும் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனத்துடையது.

இளம் ஊழியரின் தயக்கம் எல்லாவற்றையும் இம்போஸ்டர் சின்ட்ரோம் என்று முத்திரை குத்துவதும் சரியல்ல. புதிய கருவியைக் கற்றுக்கொள்ளாதவர் “எனக்கு இது தெரியவில்லை” என்றால் அது வெறும் உண்மை; அவருக்குத் தேவை பயிற்சி. கூட்டங்களில் ஒருவரின் பேச்சு மட்டும் தொடர்ந்து வெட்டப்படுகிறது என்றால், அவருடைய சந்தேகத்துக்கு விதை போட்டது அந்த டீம்தான். இனி, வீட்டிலும் விடுமுறையிலும்கூட எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் குலைந்து வாரக்கணக்கில் நீடித்தால், அது இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்காத மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதைக் கண்டறிய வேண்டியவர் மனநல மருத்துவர்.