‘போட்டாச்சே!’ ‘வரலையே!’

‘அண்ணே, பதினெட்டாயிரத்து நானூறு போட்டாச்சே’ என்பவரிடம் ‘வரலையே’ என்றால் சண்டைதான். ‘எங்க கணக்குல இன்னும் கண்ணுல படலை. யுபிஐ-யோட 12 இலக்க யுடிஆர் நம்பரும் தேதியும் அனுப்புங்க, சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்’ என்பதே நல்ல பதில்.

ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகவும் செய்யலாம். எண்ணை வங்கி ஸ்டேட்மென்ட்டில்தான் தேட வேண்டும். எங்கள் மொத்தக்கடையில் அப்படித் தேடியபோது, ரூ.18,400 மூன்று நாள் முன்பே வந்திருந்தது, அவருடைய மகன் பெயரில்! ஆள் தெரியாததால் கணக்குப்பிள்ளை அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டிருந்தார். வருத்தம் சொல்லி, பில்லில் வரவு வைத்து, ரசீதை அனுப்பினோம்.

எண்ணே தட்டுப்படாவிட்டால், அவர் ஆப்பில் யார் பெயருக்குப் போயிருக்கிறது, ‘பெண்டிங்’ என்று நிற்கிறதா எனக் கேட்க வேண்டும். பெண்டிங் என்றால், முடிவு தெரியும்வரை மறுபடி பணம் போடச் சொல்லக் கூடாது.