கல்சியம் இறங்கும் கால் மணி நேரம்

"அண்ணே, அனுப்புறதுக்கு முந்தி ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்று தலவாக்கலை டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து அந்தப் பிள்ளை கடிதத்தை நீட்டினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் முடித்தவர். கிளினிக் ஒன்றில் வேலை கேட்டு எழுதிய விண்ணப்பம் அது. படிப்பும் பெறுபேறும் நாலு வரியில் முடிந்துவிட்டன. மிச்சமெல்லாம் ஒரே ஒரு மாடு. அவர் சம்மதித்ததால் அந்தப் பகுதியை இங்கே தருகிறேன்.

"பயிற்சிக் காலத்தில் ஒரு விடியற்காலை, பொறுப்பு மருத்துவரோடு ஒரு லயத்துக்குப் போனேன். மூன்றாவது கன்று போட்டு ஒரு நாள்கூட ஆகாத பிரீசியன் கலப்புப் பசு எழும்ப முடியாமல் கிடந்தது. கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்திருந்தது. காது சில்லென்றிருந்தது, மூக்கு காய்ந்திருந்தது. வெப்பமானி 37.4 பாகை காட்டியது. 'பால் காய்ச்சல்னு சொல்றாங்க டொக்டர், காய்ச்சலுக்கு ஊசி போடுங்க' என்றார் வீட்டுக்காரர்."

பெயரில்தான் காய்ச்சல். மாட்டின் உடம்புச் சூடு வழக்கமாக 38.5 பாகை அளவில் இருக்கும். இந்த நோயில் அது குறைந்துவிடுகிறது. கன்று போட்டதும் சீம்பாலுக்காக மடி இரத்தத்திலிருந்து கல்சியத்தை இழுக்கிறது. எலும்பும் குடலும் அதே வேகத்தில் ஈடுகட்ட முடியாமல் போனால் தசைகள் வேலை செய்யாது. முதலில் கால் தளரும், பிறகு வயிறு அசைவை நிறுத்தும், கடைசியில் இதயம். நிறையப் பால் தரும், பல தடவை ஈன்ற பசுக்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

"ஊசியை எடுக்குமுன் நான்கு காம்பையும் கறந்து பார்த்தேன். மடி நோய் முற்றினாலும் மாடு இப்படிக் குளிர்ந்து படுத்துவிடும். ஆனால் அப்போது பால் தண்ணீராக அல்லது திரிதிரியாக வரும். இங்கே சீம்பால் சரியாக இருந்தது. பின்னங்காலையும் இடுப்பையும் தடவிப் பார்த்ததில் அடிபட்ட அடையாளம் இல்லை.

அதற்குள் வீட்டு அக்கா இஞ்சி, மிளகு கசாயத்தைப் போத்தலில் ஊற்றி வாயில் புகட்ட வந்துவிட்டார். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும்போது ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போகும். 'ஊத்தாதீங்க' என்று மட்டும் சொன்னால் கை சும்மா இருக்காது. 'அக்கா, அந்த அடுப்பில் கொஞ்சம் வெந்நீர் வைங்க, இந்த மருந்துப் போத்தலை இளஞ்சூடாக்கணும்' என்றேன். அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. இந்தக் குளிரில் மருந்துக்கும் அது தேவைப்பட்டது."

இந்த இடத்தில் கடிதத்தை ஒரு நிமிடம் மேசையில் வைத்துவிட்டேன். எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் இதை எடுத்து எழுதியிருக்க முடியாது.

"மருந்து 40 சதவீத கல்சியம் போரோகுளுக்கோனேற், ஒரு போத்தல், 400 மில்லிலீற்றர். அதைக் கழுத்து நாளத்தில் கால் மணி நேரமாவது எடுத்து மெல்ல இறக்க வேண்டும். போத்தலை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். வீட்டுக்காரர் கையில் போத்தலைக் கொடுத்து, என் தோள் மட்டத்தில் பிடிக்கச் சொன்னேன். நான் இடது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தேன். 'கொஞ்சம் வேகமா விடலாமே, கிடக்குற கிடையப் பாக்க முடியல' என்று அவர் கையை உயர்த்தினார். நானும் தடுக்கவில்லை. துடிப்பு ஒன்று தவறியது, அடுத்து இன்னொன்று. உடனே குழாயை மடக்கிப் பிடித்தேன். துடிப்பு சீரான பிறகே மறுபடி திறந்தேன். அவரைத் தடுக்காதது என் தவறு. அதன்பிறகு ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் வைத்துக் கேட்கவிட்டேன். அப்புறம் போத்தல் அசையவில்லை.

பாதி இறங்கியபோது விலாத்தசை நடுங்கியது. 'வலிப்பு!' என்று அக்கா கத்தினார். 'இல்லக்கா, தசைக்கு உயிர் வருது' என்றேன். ஏப்பம் விட்டது, சாணி போட்டது. முக்கால் மணி நேரத்தில் எழுந்து நின்றது."

நான் என்றால் இத்தோடு நிறுத்தியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

"எழுந்ததும் வீட்டுக்காரர் கும்பிட்டார். அப்போதே சொல்லிவிட்டேன்: 'அண்ணே, இது நாளைக்கும் திரும்ப விழலாம். நாலில் ஒரு மாடு அப்படி விழும். இன்னைக்கும் நாளைக்கும் மடியை ஒட்டக் கறக்காதீங்க, கன்றுக்குத் தேவையானதை மட்டும் எடுங்க. விழுந்தா ஈரச் சிமெந்தில் ஒரே பக்கமாகப் படுக்கவிடாம, சாக்கு விரிச்சு, ரெண்டு மூணு மணிக்கு ஒருக்கா பக்கம் மாத்துங்க. கீழே அகப்பட்ட கால் செத்துப்போனா எத்தனை போத்தல் கல்சியம் ஏத்தியும் எழும்பாது.' அவர் முகம் மாறியது. கும்பிடும்போது இதைச் சொல்வது சங்கடம்தான். மறுநாள் அந்தி நேரம் மாடு தள்ளாடியபோது, அது படுக்குமுன்னே கூப்பிட்டார்."

இரண்டாவது போத்தலுக்குப் பிறகு மாடு விழவில்லை.

"துடிப்பு தவறின இடத்த வெட்டிரவா அண்ணே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கடிதத்தின் கடைசிப் பத்தியில் சம்பளம் பற்றி ஒரு சொல் இல்லை. கிளினிக்கிடம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டிருந்தார்: இரவில் வரும் போனை யார் எடுப்பது? பாதை முடிகிற இடத்திலிருந்து மேல் லயத்துக்குப் போக யார் கூட வருவார்கள்?