12 பேரேட்டுக்கு 300 வரி பதம்

பழைய பேரேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலையை நம் வணிகர்கள் பெரும்பாலும் வெளியாளிடம்தான் ஒப்படைக்கிறார்கள். வரிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்வது வழக்கம். வேலை முடிந்து வந்ததும் முதலாளி நாலைந்து பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் கூலியைத் தீர்த்துவிட்டு, ஏடுகளைப் பரணில் ஏற்றச் சொல்லிவிடுவார். பிழை வெளிப்படுவது அதற்குப் பிறகுதான். இருபது வருட வாடிக்கையாளருக்கு ரூ.4,500 பாக்கி இருக்க, ரூ.5,400 என்று கடிதம் போய்விடும். 900 ரூபாய் பெரிதல்ல. அவர் நம் கணக்கின் மீது வைத்திருந்த நம்பிக்கை பெரிது.

அதற்காக எல்லா வரியையும் திரும்பப் பார்க்க முடியுமா? உதாரணத்துக்கு ஒரு மொத்த மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். 12 பேரேடுகள், ஒவ்வொன்றிலும் 1,000 வரிகள், ஆக 12,000 வரிகள். நிமிடத்துக்கு இரண்டு வரி பார்த்தாலும் 100 மணி நேரம் ஆகும். 300 வரி மட்டும் பார்த்தால் இரண்டரை மணி நேரத்தில் முடியும். அந்த 300 வரியை வைத்து மீதியைப் பற்றி எவ்வளவு சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதே கேள்வி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையில் சோறு ஒன்றாகக் கொதித்து வெந்திருப்பதால் அந்தப் பதம் சரி. மூட்டை விஷயத்தில் நாம் அப்படி நம்புவதில்லை. மேல்வாயில் நல்ல அரிசியைப் போட்டு அடியில் மட்டத்தை வைப்பார்கள் என்று தெரிந்துதான் குத்தூசியை நடுவிலும் அடியிலும் குத்திப் பார்க்கிறோம். பேரேடும் மூட்டையைப் போன்றதுதான். ஓர் ஏட்டில் முத்தான கையெழுத்து, இன்னொன்றில் மை கலைந்த பக்கங்கள். தட்டச்சு செய்பவரும் காலையில் நிதானமாகவும் மாலையில் களைத்தும் இருப்பார். ஆகவே முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது மேல்வாயைப் பார்ப்பதற்குச் சமம்.

நம் கடையில் ஏட்டுக்கு 25 வரி வீதம் 12 ஏட்டிலும் எடுத்தால் 300 வரி கிடைக்கும். எந்த 25 என்பதை நம் கண் தீர்மானிக்கக்கூடாது. கண் தெளிவான வரியையே நாடும். கணிப்பொறியின் கணக்குத்தாளில் `=RANDBETWEEN(1,1000)` என்று போட்டால் 1 முதல் 1,000 வரை ஏதாவது ஓர் எண் வரும். அதே எண் திரும்ப வந்தால் தள்ளிவிட்டு, 25 எண்கள் சேரும்வரை எடுக்க வேண்டும். எண்களை உடனே தாளில் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் கணக்குத்தாளைத் தொடும்போதெல்லாம் அவை மாறிக்கொண்டே இருக்கும். 40 வரிக்கு ஒன்று என்று எண்ணி எடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பக்கத்துக்கு 40 வரி உள்ள ஏடாக இருந்தால், எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்து வரிதான் அகப்படும்.

சரிபார்க்கும்போது ஒருவர் ஏட்டைப் பார்த்துத் தேதி, பெயர், பற்றா வரவா, தொகை என்று வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையில் பார்க்க வேண்டும். திரையில் உள்ளதை முதலில் படித்தால் ஏட்டில் இருப்பவரும் ஆமாம் போட்டுவிடுவார். மேலும் ஏட்டிலிருந்து திரைக்குப் போனால்தான் விட்டுப்போன வரிகள் தெரியும். இரண்டு முறை ஏறிய வரிகள் தெரிய, திரையிலிருந்தும் சிலவற்றைத் தேர்ந்து ஏட்டுக்கு வர வேண்டும். மொத்தக் கூட்டல் ஒத்துப்போகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஒரே பெயருள்ள இரு வாடிக்கையாளரில் ஒருவர் பற்று மற்றவர் கணக்கில் ஏறியிருந்தால் கூட்டல் சரியாகவே வரும்.

நம் கடையில் 300 வரியில் 6 பிழைகள் அகப்பட்டதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 2 வீதம், 12,000க்கு 240 என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் வேறு 300 வரி எடுத்திருந்தால் 4 வந்திருக்கலாம், 9 வந்திருக்கலாம். புள்ளியியல் அட்டவணைப்படி, 6 அகப்பட்ட இடத்தில் உண்மைச் சராசரி சுமார் 2 முதல் 13 வரை எதுவாகவும் இருக்கலாம். இப்படிச் சொல்வது 100 முறையில் 95 முறை சரியாக இருக்கும். நம் 300 வரி மொத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே 40ஆல் பெருக்கினால், சரக்கில் உள்ள பிழை சுமார் 80 முதல் 520 வரை. 240 என்பது இந்த இடைவெளியில் ஒரு புள்ளிதான்.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். அகப்பட்ட 6 பிழைகளைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். நாம் பார்க்காத 11,700 வரியில் ஒரு பிழைகூடக் குறையவில்லை. அங்கே இன்னும் நூற்றுக்கு 2 வீதமே நிற்கிறது. திருத்த வேண்டியது அந்த 6 வரியை அல்ல, அவை வந்த காரணத்தை.

பிழைகள் எந்த ஏட்டில் என்று பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். ஆறில் நான்கு, மை கலைந்த 7, 8ஆம் ஏடுகளில் இருந்ததாகக் கொள்வோம். அந்த இரண்டில் பார்த்த 50 வரிக்கு 4 பிழை என்றால் நூற்றுக்கு 8 வீதம். அவ்விரண்டையும் வேறு ஆளிடம் கொடுத்துப் புதிதாக ஏற்றச் சொல்லிவிட்டு, மற்ற பத்தையும் சரிபார்க்கும்படி பழைய ஆளிடமே திருப்பி அனுப்பலாம். ஆனால் பிழையுள்ள 6 வரிகளின் எண்களை அவருக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அவை மட்டும் திருந்தி வரும்.

திரும்பி வந்ததும் சோதிக்க வேண்டியது புதிய 300 வரிகளை. இம்முறை ஒரு பிழையும் இல்லையென்றால் சரக்கு சுத்தமா? இல்லை. இதற்குச் சுலபமான வாய்பாடு உண்டு: பிழையே அகப்படாதபோது 3ஐப் பார்த்த வரிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 300க்கு 3 என்றால் நூற்றுக்கு 1. அதாவது 12,000இல் பிழை 120க்கு மேல் இராது என்று மட்டுமே, அதே 95 பங்கு உறுதியோடு சொல்லலாம். மொத்தம் 1,00,000 வரியாக இருந்தாலும் 300 பார்த்தால் இதே நூற்றுக்கு 1தான். உறுதியைத் தருவது நாம் பார்த்த வரிகளின் எண்ணிக்கை, சரக்கின் அளவு அல்ல. எல்லையை அரை வீதமாக்க 600 வரி பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில் 50 ரூபாய் வரியும் ஒன்றரை லட்ச ரூபாய் வரியும் ஒன்றுதான். நமக்கு அப்படி அல்லவே. ஆகவே லட்சத்துக்கு மேற்பட்ட வரிகளை மாதிரியில் சேர்க்காமல் தனியாக, ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும். அவற்றை ஏட்டிலிருந்து பொறுக்க வேண்டும், திரையிலிருந்து அல்ல. ரூ.1,50,000 என்பது ரூ.15,000 என்று ஏறியிருந்தால், திரையில் பெரிய தொகைகளின் பட்டியலில் அது வரவே வராது.

கூலி பேசும்போதே 300 வரியில் எத்தனை பிழைவரை ஏற்றுக்கொள்வோம், அதற்கு மேல் போனால் முழுவதையும் யார் செலவில் திருப்பிப் பார்ப்பது என்று எழுதிக்கொள்வது நல்லது. எஞ்சியிருக்கக்கூடிய 120 பிழைகளுக்கும் ஒரு வழி உண்டு. முதல் வருடம் பாக்கிக் கடிதம் அனுப்பும்போது, “எங்கள் கணக்குப்படி தங்கள் பாக்கி இவ்வளவு, தங்கள் ஏட்டில் வேறாக இருந்தால் தெரிவிக்கவும்” என்று எழுதி, பதில்கள் வந்து தீரும்வரை பேரேடுகளைக் கைக்கெட்டும் அலமாரியிலேயே வைத்திருக்க வேண்டும்.