செவ்வாய்க்கிழமை திங்கட்கிழமைக்குள் போனது எப்படி

சி மொழி பழகத் தொடங்கியபோது எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். தினமும் ஒரு சின்ன நிரல். அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அன்றைய பயிற்சி. உபுண்டு போட்ட பழைய லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து, ஃபோல்டர் உருவாக்கி, உள்ளே போய், நிரலை எழுதி, கம்பைல் செய்து ஓட்டிப் பார்ப்பேன். நிரலை யோசிக்கும் நேரத்துக்குச் சமமாகக் கட்டளைகளைத் தட்டும் நேரமும் போய்க்கொண்டிருந்தது. கம்பைல் செய்யும் வரி மட்டும் இப்படி இருக்கும்:

```
gcc -Wall -Wextra -g sort.c -o sort && ./sort
```

எண்ணிப் பார்த்தால் 45 தட்டுகள். ஒரு பயிற்சிக்கு இதை இருபது முறை ஓட்டுவது சாதாரணம். மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி திரும்ப வந்துவிடுமே என்பீர்கள். வரும். ஆனால் அடுத்த ஃபைலுக்குப் போகும்போது அந்த வரியில் மூன்று இடங்களில் பெயரை மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் புது நிரலைக் கம்பைல் செய்துவிட்டுப் பழைய நிரலை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தத் தட்டுகளைக் குறைக்க ஷெல்லில் இருக்கும் வசதிதான் ஏலியாஸ். காவல்துறைச் செய்திகளில் ‘குமார் என்கிற குட்டி’ என்று வருமே, அந்த ‘என்கிற’தான் இது. நீளமான கட்டளைக்கு ஒரு செல்லப்பெயர். 1970களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லிலேயே இது இருந்தது. இன்று லினக்ஸில் பெரும்பாலோர் பயன்படுத்தும் பாஷ், 1989-இல் வெளிவந்தது. அதிலும் இது உண்டு.

நான் முதலில் எழுதிய ஏலியாஸ் அன்றைய ஃபோல்டருக்கானது. `date +%F` என்றால் கணினி தேதியை 2025-03-03 என்ற வடிவில் தரும். அதை வைத்து இப்படி எழுதினேன்:

```
alias inru="mkdir -p ~/c/$(date +%F) && cd ~/c/$(date +%F)"
```

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடக்கூடாது என்பதைத் தவிர இதில் சிரமம் ஒன்றுமில்லை. வீட்டு ஃபோல்டரில் இருக்கும் `.bashrc` என்ற ஃபைலின் கடைசியில் இந்த வரியைச் சேர்த்துவிட்டால், புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு டெர்மினலுக்கும் இது தெரிந்திருக்கும். `inru` என்று தட்டினால் அன்றைய ஃபோல்டர் உருவாகும், நானும் உள்ளே இருப்பேன். சில வாரம் இது ஒழுங்காகத்தான் ஓடியது.

மார்ச் 3, திங்கட்கிழமை இரவு பயிற்சி முடித்ததும் லேப்டாப்பை அணைக்காமல் மூடி வைத்தேன். மறுநாள் திறந்து, அதே டெர்மினலில் `inru` தட்டினேன். வெற்று `main` இருக்கும் மாதிரி ஃபைல் ஒன்றை எப்போதும் வைத்திருப்பேன். அதை வழக்கம்போல `sort.c` என்ற பெயரில் நகலெடுத்தேன். `cp` கட்டளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் உட்கார்ந்திருந்தது திங்கட்கிழமை ஃபோல்டரில். திங்களன்று எழுதிய `sort.c` அழிந்து, அதன் மேல் வெற்று மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது.

ஏலியாஸுக்குள் என்ன இருக்கிறது என்று ஷெல்லிடமே கேட்கலாம். `alias inru` என்று தட்டினேன். வந்த பதில்:

```
alias inru='mkdir -p ~/c/2025-03-03 && cd ~/c/2025-03-03'
```

`date` என்ற சொல்லே அதில் இல்லை. இரட்டை மேற்கோளுக்குள் `$(...)` இருந்தால், ஷெல் அந்த வரியைப் படிக்கும் கணத்திலேயே உள்ளே இருப்பதை ஓட்டிப் பார்த்து, கிடைத்த விடையைப் பதித்துவிடுகிறது. `.bashrc` படிக்கப்பட்டது திங்களன்று டெர்மினலைத் திறந்தபோது. ஆக அந்த டெர்மினல் எத்தனை நாள் திறந்திருந்தாலும் அதற்கு ‘இன்று’ என்பது திங்கள்தான். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் ஷெல் எதையும் தொடாமல் எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். நாம் `inru` தட்டும்போதுதான் தேதியைக் கேட்கும். திருத்தம் இவ்வளவுதான்: இரண்டு இரட்டை மேற்கோள்களை ஒற்றையாக்குவது. தினமும் புதிதாக டெர்மினல் திறக்கிறவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. அதனால்தான் இது பல பேருடைய ஃபைலில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது.

இனி அந்த 45 தட்டுகளுக்கு வருவோம். இதையும் ஏலியாஸாக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஏலியாஸ் வெறும் எழுத்து மாற்றம். கட்டளையின் முதல் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீள வரியை வைக்கும். நாம் பின்னால் எழுதியதெல்லாம் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். நமக்கோ ஃபைலின் பெயர் வரியின் நடுவில், அதுவும் மூன்று முறை வேண்டும். அது ஏலியாஸால் ஆகாது. அதற்கு ஷெல் ஃபங்ஷன் வேண்டும்:

```
o() {
    gcc -Wall -Wextra -g "$1.c" -o "$1" && "./$1"
}
```

`$1` என்பது நாம் பெயருக்கு அடுத்துத் தட்டும் சொல். `o sort` என்றால் மூன்று இடத்திலும் sort போய் உட்காரும். 45 தட்டு ஆறாகிவிட்டது. ‘ஓட்டு’ என்பதற்காக o என்று வைத்தேன். பெயர் வைக்கும் முன் `type o` என்று தட்டி, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதேபோல, முன்பு ஏலியாஸாக இருந்த பெயரையே ஃபங்ஷனாக்கி, அதே டெர்மினலில் `.bashrc` ஃபைலை மறுபடி ஏற்றினால், அடைப்புக்குறிக்கு அருகே பிழை என்று ஷெல் சத்தம் போடும். பழைய ஏலியாஸ் இன்னும் உயிரோடிருந்து, ஃபங்ஷனின் பெயரையே மாற்றிப் படிப்பதால் வரும் குழப்பம் அது. முதலில் `unalias o` என்றால் தீர்ந்தது.

நடுவில் இருக்கும் `&&` குறியைக் கவனியுங்கள். கம்பைல் வெற்றியானால் மட்டும் நிரலை ஓட்டு என்று அதற்கு அர்த்தம். அந்த இடத்தில் அரைப்புள்ளி போட்டால், கம்பைல் தோற்றாலும் ஷெல் அடுத்ததற்குப் போய்விடும். முன்பு கம்பைல் ஆன பழைய நிரல் அங்கே கிடக்குமே, அதை ஓட்டி ஒரு விடையையும் காட்டும். பிழைச்செய்தி மேலே ஓடிப்போயிருந்தால், ‘திருத்திவிட்டேனே, ஏன் அதே விடை?’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

திங்கட்கிழமை விபத்தில் எனக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. நான் எந்த ஃபோல்டரில் இருக்கிறேன் என்று டெர்மினல் ஒவ்வொரு வரியிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாம் தட்டத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிற்கும் வாசகத்தை ப்ராம்ப்ட் என்பார்கள். உபுண்டுவில் அது பயனர் பெயர், கணினியின் பெயர், ஃபோல்டரின் முழுப்பாதை என்று வரிசையாக வரும். வீட்டில் ஒரே லேப்டாப்பில், ஒரே பெயரில் வேலை செய்கிற எனக்கு முதல் இரண்டும் ஒருநாளும் மாறாது. மாறாததைப் பார்த்துப் பார்த்துக் கண் மொத்த வரியையும் தாண்டிப்போகப் பழகிவிட்டது. (வேறு கணினிகளுக்குள் நுழைந்து வேலை செய்கிறவர்களுக்குக் கணினியின் பெயர் அவசியம், அவர்கள் அதை எடுக்கக்கூடாது.)

ப்ராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்பதை `PS1` என்ற மாறி தீர்மானிக்கிறது. மாறுகிற இரண்டை மட்டும் வைத்து, `.bashrc` ஃபைலில் இப்படி எழுதினேன்:

```
PS1='$? \W\$ '
```

`\W` என்பது இருக்கும் ஃபோல்டரின் கடைசிப் பெயர், என் விஷயத்தில் தேதி. `\$` சாதாரணப் பயனருக்கு டாலர் குறியாகவும், முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு # குறியாகவும் தெரியும். `$?` என்பது சற்றுமுன் ஓடிய கட்டளை விட்டுச்சென்ற எண். 0 என்றால் சுகம், வேறு எதுவானாலும் ஏதோ கோளாறு. இங்கேயும் ஒற்றை மேற்கோள்தான். இரட்டை போட்டிருந்தால், டெர்மினல் திறந்த நேரத்து எண்ணே நாள் முழுக்க நிற்கும். அதே திங்கட்கிழமை நோய்.

ஒரு மாலைப் பொழுது என் திரையில் இப்படி இருந்தது. இடையில் வந்த செய்திகளை விட்டுவிடுகிறேன்:

```
0 2025-03-05$ o sort
1 2025-03-05$ o sort
139 2025-03-05$ o sort
0 2025-03-05$
```

ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேல்வரியின் விடை. முதல் முறை ஓர் அரைப்புள்ளியை விட்டிருந்தேன். gcc தோற்று 1 தந்தது, நிரல் ஓடவே இல்லை. இரண்டாம் முறை கம்பைல் ஆனது, நிரல் ஓடும்போது செத்தது. 139 என்பது 128-உடன் 11 சேர்ந்தது. 11 என்பது தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்ட நிரலைக் கொல்லும் சிக்னலின் எண். `n` என்ற மாறியில் 0 வைத்துவிட்டு, `scanf` வரியில் `&n` என்பதற்குப் பதில் வெறும் `n` எழுதியிருந்தேன். `-Wall` எச்சரித்தது, நான் படிக்கவில்லை. முடிவில்லாமல் சுற்றும் நிரலைக் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் 130 வரும், அது 128-உடன் 2.

இந்த எண்ணுக்கு வண்ணம் கொடுக்க ஆசை வரும். கொடுக்கலாம், ஒரு கண்டிஷனோடு:

```
PS1='\[\e[33m\]$?\[\e[0m\] \W\$ '
```

`\e[33m` மஞ்சளைத் தொடங்கும், `\e[0m` முடிக்கும். இவை திரையில் தெரியாத எழுத்துகள். சுற்றியிருக்கும் `\[` `\]` இரண்டும் ‘உள்ளே இருப்பதற்கு அகலம் இல்லை’ என்று பாஷுக்குச் சொல்கின்றன. அவற்றை விட்டால் பாஷ் ஒன்பது எழுத்தைக் கூடுதலாக எண்ணிக்கொள்ளும். நீளக் கட்டளை தட்டும்போது வரி தன் மேலேயே மடிந்து விழும். அம்புக்குறியால் பழைய கட்டளைகளைப் புரட்டினால், அழியாத எழுத்துகள் மிச்சம் நிற்கும். குட்டிக் கட்டளைகளில் இது தெரியாது. அதனால் பலர் டெர்மினலே கெட்டுவிட்டதாக நினைத்து மூடித் திறக்கிறார்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு 2019 முதல் வழக்கமான ஷெல் இஸட்-ஷெல். ஏலியாஸும் ஃபங்ஷனும் அப்படியே செல்லும், ஃபைல் மட்டும் `.zshrc`. ப்ராம்ப்ட்டின் குறிகள் வேறு. அங்கே `PROMPT='%? %1~ %# '` என்று எழுதினால் ஏறக்குறைய இதே வடிவம் கிடைக்கும்.

பலர் `alias cp='cp -i'` என்று வைத்துக்கொள்கிறார்கள். ஃபைலின் மேல் ஃபைல் எழுதும் முன் கணினி கேட்கட்டும் என்பதற்காக. அழிந்துபோன `sort.c` நினைவிருந்தும் நான் வைக்கவில்லை. இன்னொருவர் கணினியில் உட்காரும்போது அந்தக் காவல் இருக்காது, கை மட்டும் அதை நம்பியே தட்டும். மாதிரி ஃபைலை நகலெடுக்க மட்டும் தனியாக ஒரு ஃபங்ஷன் வைத்து, `-i` அதற்குள் இருக்கும்படி செய்துவிட்டேன். அந்தப் பெயர் வேறு கணினியில் இல்லையென்றால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஷெல் சொல்லிவிடும். எதுவும் அழியாது.

`o` ஃபங்ஷனை மட்டும் ஒரு மாதம் கழித்து வைத்திருக்கலாம் என்று இப்போது படுகிறது. நண்பர் ஒருவரின் கணினியில் `o sort` தட்டி, 127 என்ற எண்ணுக்குரிய ‘command not found’ வந்ததும், gcc வரியை முழுதாக எழுத எனக்கு வரவில்லை. `-g` எதற்கு என்றும் சொல்லத் தெரியவில்லை. பிழை தேடும் ஜிடிபி கருவிக்கு வேண்டிய தகவலை அது நிரலோடு சேர்த்து வைக்கிறது என்பதை அன்று மாலை வீட்டுக்கு வந்து, `type o` தட்டி, என் ஃபங்ஷனை நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.