வால்வில் சிக்கிய சிவப்பணு: தேதி தவறும் ஊசிக்குக் கொடுக்கும் விலை

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முழங்கால் வீங்கினால் "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்கிறோம். அது வடிந்து வலி மணிக்கட்டுக்குப் போனால் தைலம் தேய்க்கிறோம். இரண்டு மூன்று வாரத்துக்கு முன் வந்துபோன தொண்டை வலி யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் ரத்தசோகை என்று சத்து மாத்திரையும், வீசிங் என்று இன்ஹேலரும் வாங்கித் தருகிறோம். எக்கோ எடுக்கச் சொல்ல ஒருவரும் இல்லை.

இதற்குப் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்கு முறையாக மருந்து கொடுக்காவிட்டால், கிருமியை எதிர்க்க உடல் தயாரித்த எதிர்ப்புச் சக்தி சிலருக்குத் தன் மூட்டுகளையும் இதய வால்வுகளையுமே தாக்கிவிடும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருகிறது. மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும். வால்வு அப்படி ஆறுவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, 22 வயதுப் பெண் ஒருவரின் உடலில் ஓடும் ஒரே ஒரு சிவப்பணுவைப் பின்தொடர்வோம். சிறுமியாக இருந்தபோது இந்தக் காய்ச்சல் வந்து, அது மறுபடி வராமல் தடுக்க ஊசி போட ஆரம்பித்து, 'இப்ப நல்லாத்தானே இருக்கா' என்று நடுவில் நிறுத்தப்பட்டவர். இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

கால் தசைக்குப் பிராணவாயுவைக் கொடுத்துவிட்டு நம் சிவப்பணு கீழ்ப்பெருஞ்சிரை வழியாக மேலே வருகிறது. தலையிலும் கைகளிலும் இருந்து வரும் அணுக்கள் மேற்பெருஞ்சிரையில் இறங்குகின்றன. இரண்டும் சேரும் இடம் இதயத்தின் வலது மேலறை. அங்கிருந்து மூன்று இதழ் கொண்ட டிரைகஸ்பிட் வால்வைத் தாண்டி வலது கீழறைக்குள் விழுகிறது. கீழறை சுருங்கியதும் அந்த வால்வு மூடிக்கொள்கிறது. பலமான காற்றிலும் குடைத்துணி மேலே புரளாமல் கம்பிகள் பிடித்துக்கொள்வதுபோல, இதழ்கள் மேலறைப் பக்கம் புரளாமல் மெல்லிய நாண்கள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த நாண்களின் மறுமுனை கீழறைச் சுவரிலுள்ள சிறு தசைகளில் கட்டப்பட்டிருக்கிறது.

இனி முன்னே போக ஒரு வழிதான். அரைநிலா வடிவ இதழ்கள் மூன்று கொண்ட நுரையீரல் வால்வு திறக்க, அணு நுரையீரல் தமனிக்குள் பாய்கிறது. நுரையீரலில் தன் உடம்பைவிடக் குறுகலான தந்துகிக்குள் நெளிந்து நுழைந்து, ஒரு விநாடிக்குள் பிராணவாயுவை ஏற்றிக்கொள்கிறது. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வழக்கமாக நான்கு சிரைகள் திரும்பி வரும். அவற்றில் ஒன்றின் வழியாக இடது மேலறையை அடைகிறது.

சிக்கல் இங்கேதான். அடுத்து இருப்பது இரண்டு இதழ் கொண்ட மிட்ரல் வால்வு. நல்ல நிலையில் திறந்தால் அதன் வாய் 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்கும். இந்தப் பெண்ணுக்கு இதழ்களின் ஓரங்கள் தழும்பேறி ஒட்டிப்போய் 1 சதுர செ.மீ.தான் மிச்சம். கீழறை தளரும் அந்தச் சிறு நேரத்துக்குள் எல்லா அணுக்களும் கடந்தாக வேண்டும். நடந்தாலும் படியேறினாலும் இதயத் துடிப்பு கூடுகிறது. துடிப்பு கூடினால் கீழறை தளர்ந்திருக்கும் நேரம் குறைகிறது. கர்ப்பத்தில் துடிப்போடு ரத்தத்தின் அளவும் கூடுகிறது. நம் அணு வெளியேற முடியாமல் நிற்கிறது. பின்னால் வருவதும் நிற்கிறது. மேலறை வீங்குகிறது. அழுத்தம் நுரையீரல் வரை பின்னேறி, நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. படுத்தால் மூச்சு முட்டி அவர் எழுந்து உட்காருவது இதனால்தான். இதை வீசிங் என்று நினைத்தால் நேரம் போய்விடும்.

ஒருவழியாகக் கடந்த அணு இடது கீழறையை அடைந்து, மூன்று இதழ் கொண்ட அயோர்டிக் வால்வு வழியாக மகாதமனிக்குள் போய்விடும். கடக்காதவை மேலறையின் ஒரு மூலையில் தேங்கி உறையலாம். அந்த உறைகட்டி என்றாவது பெயர்ந்து, அதே மகாதமனி வழியாக மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இனி செய்ய வேண்டியது. பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று அவர் பெனிசிலின் மாத்திரை எழுதினால் 10 நாளும் கொடுத்து முடியுங்கள். மூன்றாம் நாளே வலி நின்றாலும் நிறுத்தாதீர்கள். மூட்டு வலி இடம் மாறினால் எக்கோ கேளுங்கள். ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் 18 வயது வரை பரிசோதிக்கும் நோய்களில் ருமாட்டிக் இதய நோயும் இருக்கிறது. அரசுப் பள்ளிக்கு வரும் அந்த மருத்துவக் குழுவிடம் காட்டி, மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் டிக் போட்டுவிட்டுப் போகிற குழுவாக இருந்தால், ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார்களா என்று தலைமையாசிரியரைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

நோய் உறுதியானால் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. நம் நாட்டில் பொதுவாக 21 நாளுக்கு ஒருமுறை, வளர்ந்தவர்களுக்கு 12 லட்சம் யூனிட். இது கெட்ட வால்வைச் சரிசெய்யாது. அடுத்த தாக்குதலைத் தடுக்கும். ஒவ்வொரு தாக்குதலும் வால்வை இன்னும் சுருக்கும் என்பதால்தான் தேதி முக்கியம். வால்வு கெட்டவர்களுக்கு 40 வயது வரைகூடத் தேவைப்படலாம். எப்போது நிறுத்துவது, மாத்திரைக்கு மாறலாமா என்பதை இதய மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் ஊசி போட்ட தேதியையும் அடுத்த தேதியையும் எழுதி, போட்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 'ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். எங்கே இருக்கிறது என்று மருத்துவ அலுவலரிடமே கேளுங்கள்; பதில் வராவிட்டால் 104-க்கு அழையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: நன்றாக இருப்பதுபோல் தெரிவது ஊசியை நிறுத்தக் காரணமல்ல.

ஏற்கெனவே சுருங்கிய வால்வுக்கு, இதழ்கள் இன்னும் மென்மையாக இருந்து மேலறையில் உறைகட்டி இல்லையென்றால், நெஞ்சைத் திறக்காமல் பலூன் சிகிச்சை செய்யலாம். பலூன் போவதும் நம் சிவப்பணு வந்த வழியில்தான். தொடைச் சிரையில் நுழைந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது மேலறை வரை போய், அங்கே நுரையீரலைச் சுற்றாமல் இரண்டு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து இடது மேலறைக்கு வருகிறது. மிட்ரல் வாயில் விரிந்து, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கிறது. தேவைப்பட்டால் கர்ப்பிணிக்கும் வயிற்றைக் கதிரிலிருந்து மறைத்துச் செய்கிறார்கள்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய சிகிச்சைகள் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். திருமணமான பெண்ணின் பெயர் அம்மா வீட்டுக் கார்டிலும் இல்லாமல் கணவர் வீட்டுக் கார்டிலும் ஏறாமல் தொங்கினால், சிகிச்சை நேரத்தில் அலைய வேண்டிவரும், இன்றைக்கே சரிசெய்யுங்கள். மருத்துவமனை தட்டிக்கழித்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள். அப்போதும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வீட்டில் யாருக்காவது இந்த ஊசி நின்றுபோயிருந்தால், அடுத்த மாதம் என்று தள்ளாமல் இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள்.