பத்து நிமிடத்தில் 24 ஸ்லைடு

இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் நால்வர் என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் ஈரம் குறைந்தால் மோட்டாரைத் தானாக ஓடவைக்கும் கருவிதான் புராஜெக்ட். ரிவ்யூவில் பேசக் கிடைப்பது பத்து நிமிடம். கையில் இருப்பதோ 24 ஸ்லைடு. சர்க்யூட் போட்டவருக்கு மூன்று படமும் வேண்டும். புரோகிராம் எழுதியவர் தன் கோடிங்கை விடமாட்டார். முந்தைய ஆய்வுகளைத் தேடிப் படித்தவரின் ஐந்து ஸ்லைடில் கைவைத்தால் சண்டைதான்.

'உன் ஸ்லைடு வேண்டாம்' என்பது 'நீ உழைக்கவே இல்லை' என்று காதில் விழுவதே இதற்குக் காரணம். அதனால் யார் எந்த வேலையைச் செய்தார் என்பதை முதலிலேயே ஒரே ஸ்லைடில் எழுதிவிடுங்கள். உழைப்புக்கு அங்கே பெயர் கிடைத்துவிட்டால், மற்ற ஸ்லைடுகளைப் பற்றி நிதானமாகப் பேசலாம்.

அடுத்து, கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கு மதிப்பெண் போடுவார்கள் என்று பாருங்கள். பிரச்சினை என்ன, நீங்கள் செய்தது என்ன, அது வேலை செய்கிறதா, எங்கே தடுமாறுகிறது? ஒவ்வொரு ஸ்லைடின் கீழும், இவற்றில் எந்தக் கேள்விக்கு அது என்ன பதில் சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். அதை உருவாக்கியவரே எழுத வேண்டும். வரி வராத ஸ்லைடு தானாக விழும். இரண்டு ஸ்லைடுக்கு ஒரே வரி வந்தால் ஒன்று போதும். இப்படிப் பார்த்தால் ஐந்து ஆய்வு ஸ்லைடுகள் ஓர் அட்டவணையாகும். மூன்று சர்க்யூட் படங்கள் ஒரு பிளாக் டயகிராமாகும். கோடிங் ஒரு ஃப்ளோசார்ட்டில் அடங்கும்.

வெட்டியவற்றை அழித்துவிடாதீர்கள். 'நன்றி' ஸ்லைடுக்குப் பின்னால் வரிசையாக வைத்து, எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஓடும்போது எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேராக அங்கே போகலாம். கேள்வி வந்தால் காட்டலாம் என்று தெரிந்தாலே பாதிப் பிடிவாதம் தளர்ந்துவிடும்.

ஓரிடத்தில் மட்டும் பெரும்பான்மை செல்லாது. இரு கம்பிகளை மண்ணில் செருகும் மலிவான சென்சாரில், மின்சாரம் பாயப் பாய ஈர மண்ணில் கம்பி அரித்து, அளவீடு பிசகும். 'இதை நாமே ஏன் சொல்ல வேண்டும்?' என்று மூவர் கேட்க, ஒருவர் மட்டும் இருக்கட்டும் என்கிறார். அவர் பக்கம்தான் நியாயம். அந்தக் குறை தெரியாமல் கேட்பவர்கள் முடிவைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். குறையைச் சொல்லும் ஸ்லைடைக் காப்பாற்ற ஒருவர் குரலே போதும் என்பதை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

கடைசியாக, ஃபோனில் நேரம் வைத்து நால்வரும் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். பன்னிரண்டு நிமிடம் ஓடினால், எந்த இரண்டு நிமிடம் போக வேண்டும் என்பது மட்டுமே மிச்சமுள்ள கேள்வி. அதிலும் இழுபறி என்றால், போட்டியிடும் இரண்டு ஸ்லைடை மட்டும் கைடிடம் காட்டிக் கேளுங்கள். அதன்பின் ஃபைல் ஒருவர் கையில் இருக்கட்டும். திருத்தம் எதுவானாலும் அவர் வழியாகவே போகட்டும்.